அதிகாலை நேரலை தவறாமல் இருக்க: டிவி கைடில் ரிமைண்டரும் வாட்ச்லிஸ்ட்டும் வைக்கும் முறை

மெல்போர்னில் டிசம்பர் 26 அன்று தொடங்கும் பாக்ஸிங் டே டெஸ்ட் கிரிக்கெட், இந்திய நேரப்படி அதிகாலை 5:00 மணிக்கு ஆரம்பிக்கிறது. அந்த நேரத்தில் டிவியைத் தற்செயலாகப் போட்டுப் பார்க்க யாரும் எழுந்திருப்பதில்லை. முன்கூட்டியே குறித்து வைத்தால்தான் முதல் ஓவரைப் பார்க்க முடியும். செட்டாப் பாக்ஸில் இருக்கும் நிகழ்ச்சி அட்டவணை, அதாவது ரிமோட்டில் Guide பட்டனை அழுத்தினால் திறக்கும் கைடு, இதற்காகவே இருக்கிறது. ரிமைண்டர் வைப்பது இரண்டு மூன்று பட்டன் வேலைதான். ஆனால் வைத்த ரிமைண்டர் காலையில் வராமல் போவதும், வந்தும் பழைய ஹைலைட்ஸில் கொண்டுபோய் நிறுத்துவதும் அடிக்கடி நடக்கிறது.

காரணம் எளிது. உங்கள் பாக்ஸுக்கு மெல்போர்னில் ஆட்டம் நடப்பது தெரியாது. கைடில் ஒரு சேனலுக்கு நேரே ஒரு பதிவு இருப்பது மட்டுமே தெரியும். ரிமைண்டர் அந்தப் பதிவோடுதான் கட்டப்படுகிறது. பதிவு நகர்ந்தாலோ மாறினாலோ, முதலிலேயே தவறான பதிவைத் தேர்ந்திருந்தாலோ, ரிமைண்டரும் அதன் போக்கில்தான் போகும். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு, ஒரு வாரம் முன்பிருந்து ஆட்டம் முடியும் வரை என்ன செய்ய வேண்டும் என்று பார்ப்போம். பாட்டுப் போட்டியின் நேரடி இறுதிச்சுற்று, விருது விழா, கால்பந்து என எந்த நேரலைக்கும் வழி இதுதான்.

முதலில் கைடு சரியான நேரத்தைக் காட்டுகிறதா என்று பாருங்கள்

கைடில் நீங்கள் பார்க்கும் பெயர், நேரம், விவரம் எல்லாம் படமும் ஒலியும் வரும் அதே சிக்னலோடு சேர்ந்து வருகின்றன. ஒவ்வொரு நிகழ்ச்சியின் தொடக்க நேரமும் உலகப் பொது நேரத்தில்தான் அனுப்பப்படுகிறது. அதோடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டி நம் நேரமாகக் காட்டுவது பாக்ஸின் வேலை. டிடிஹெச் நிறுவனம் கொடுத்த பாக்ஸில் இது தானாக அமைந்திருக்கும். கடையில் தனியாக வாங்கிய இலவசச் சேனல் பாக்ஸ்களில், ஃபேக்டரி ரீசெட் செய்த பிறகு, நேர அமைப்பு பூஜ்யத்துக்குப் போய்விடுவது உண்டு. அப்படிப் போனால் 26 ஆம் தேதி காலை 5:00 மணி ஆட்டம் 25 ஆம் தேதி இரவு 11:30 மணிக்கு இருப்பதாகக் கைடு காட்டும். பார்க்கிறவர் அதை ஏதோ முன்னோட்ட நிகழ்ச்சி என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவார்.

சோதிக்க ஒரு நிமிடம் போதும். தினமும் ஒரே நேரத்தில் வரும் செய்தி அறிக்கை எதையாவது கைடில் தேடுங்கள். இரவு 8 மணிச் செய்தி கைடிலும் 8 மணிக்கே இருந்தால் சரி. பிற்பகல் 2:30 என்று இருந்தால், மெனுவில் நேர அமைப்புப் பகுதிக்குப் போய் GMT +5:30 என்று மாற்றுங்கள்.

இன்னொன்றும் உண்டு. கைடு விவரம் முழுவதும் ஒரே வீச்சில் வந்து சேர்வதில்லை. பகுதி பகுதியாகச் சுற்றிச் சுற்றி ஒளிபரப்பாகிறது, பாக்ஸ் அதைச் சேர்த்துக்கொண்டே இருக்கிறது. கரண்ட் போய் வந்ததும் கைடைத் திறந்தால் பல கட்டங்கள் காலியாகவோ No information என்றோ இருப்பது இதனால்தான். பாக்ஸ் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். சில நிமிடம் ஏதாவது ஒரு சேனலில் விட்டுவிட்டுத் திரும்பப் பாருங்கள், நிரம்பியிருக்கும். வெளியே கனமழை கொட்டிக்கொண்டிருந்தால் மட்டும் மழை விட வேண்டும். நம் டிடிஹெச் சேவைகள் பயன்படுத்தும் கேயூ அலைவரிசை மழையில் பலவீனமாகும். படம் கட்டம் கட்டமாக உடையும் அதே நேரத்தில் கைடு விவரமும் வந்து சேராது.

சரியான பதிவைக் கண்டுபிடிப்பது

பெரும்பாலான பாக்ஸ்களில் கைடு இன்றிலிருந்து ஏழு நாள் வரை காட்டும். விலை குறைந்த இலவசச் சேனல் பாக்ஸ்களில் பெரும்பாலும் இப்போது ஓடுவதும் அடுத்து வருவதும் மட்டுமே தெரியும். அவற்றில் முன்கூட்டியே ரிமைண்டர் வைக்க வழியில்லை, போனைத்தான் நம்ப வேண்டும். ஏழு நாள் கைடு இருந்தால் டிசம்பர் 20 வாக்கில் 26 ஆம் தேதியின் பதிவு கண்ணில் படும். ஆனால் அவ்வளவு சீக்கிரம் ரிமைண்டர் வைக்கப் பரிந்துரைக்க மாட்டோம். ஒரு வாரம் முன்பு சேனல்காரர்கள் போடும் பதிவு பெரும்பாலும் இடம் பிடித்து வைக்கும் துண்டுதான். Live Cricket என்று பொதுவாக இருக்கும். பிறகு அதை எடுத்துவிட்டு முழுப் பெயரோடு வேறொன்றைப் போடுவார்கள். இரண்டு நாள் முன்பு, அதாவது 24 ஆம் தேதி, வைப்பதே நல்லது. 20 ஆம் தேதி பார்ப்பது எந்தச் சேனலில் வருகிறது என்று தெரிந்துகொள்ள மட்டும் உதவும்.

Guide அழுத்தியதும் இடப்பக்கம் சேனல்கள், மேலே நேரம் என்று ஒரு கட்டம் திறக்கும். வலது அம்பு அடுத்த நிகழ்ச்சிக்கு நகர்த்தும். இப்படியே இரண்டு நாள் தள்ளிப் போவதென்றால் விரல் ஓய்ந்துவிடும். திரையின் அடியில் ஒரு வரி இருக்கும், அதைப் படியுங்கள். சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் ஆகிய நான்கு வண்ணப் பட்டன்களில் ஏதோ ஒரு ஜோடி, அல்லது ஃபாஸ்ட் ஃபார்வர்டு பட்டன், ஒரே அழுத்தில் 24 மணி நேரம் தாண்டும். எந்தப் பட்டன் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், ஆனால் அந்த அடிவரி பெரும்பாலும் இருக்கும்.

தேதியைக் கவனமாகப் பாருங்கள். அதிகாலை நிகழ்ச்சிகளில் இங்கேதான் சறுக்குகிறது. சேனல்களின் உள் அட்டவணைகள் பல, காலை 6 மணி முதல் மறுநாள் காலை 6 மணி வரையை ஒரே நாளாக எண்ணுபவை. அதைப் பார்த்து எழுதப்படும் பட்டியல்களில் 26 ஆம் தேதி காலை 5 மணி, 25 ஆம் தேதியின் கடைசி வரியாக வரலாம். பாக்ஸின் கைடு பொதுவாகக் காலண்டர் தேதியையே காட்டும். எனவே இணையத்தில் எந்தப் பட்டியலைப் பார்த்தாலும், இறுதியில் பாக்ஸில் 26 ஆம் தேதி என்ற தலைப்பின் கீழ் 5:00 AM கட்டம் இருக்கிறதா என்பதே கணக்கு.

நேரத்தை நீங்களே ஒருமுறை கணக்கிட்டுக்கொள்வது நல்லது. டிசம்பரில் மெல்போர்ன் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் முன்னே இருக்கிறது. அங்கே காலை 10:30 என்றால் இங்கே 5:00. ஆஸ்திரேலியா ஒரே நேர மண்டலம் அல்ல என்பதால், ஒரே தொடரிலும் டெஸ்டுக்கு டெஸ்ட் நேரம் மாறும். 2024-25 இல் இந்தியா அங்கே ஆடிய ஐந்து டெஸ்ட்களும் நம் நேரப்படி பெர்த்தில் காலை 7:50, அடிலெய்டில் பகலிரவு ஆட்டமாக 9:30, பிரிஸ்பேனில் 5:50, மெல்போர்னிலும் சிட்னியிலும் 5:00 என்று தொடங்கின. முந்தைய டெஸ்டுக்கு எழுந்த நேரத்தை வைத்து அடுத்ததற்கு எழுந்தால், ஐம்பது நிமிட ஆட்டம் போய்விடும்.

இப்போது பதிவின் மேல் நின்று i அல்லது Info பட்டனை அழுத்துங்கள். கட்டத்துக்குள் பெயர் பாதியில் வெட்டுப்பட்டிருக்கும், முழுப் பெயர் இங்கேதான் தெரியும். பார்க்க வேண்டியவை மூன்று. பெயரில் LIVE என்ற சொல் இருக்கிறதா? தொடக்க நேரம் உங்கள் கணக்கோடு ஒத்துப்போகிறதா? நீளம் எவ்வளவு? டெஸ்டின் ஒரு நாள், இடைவேளைகளோடு சேர்த்து ஏழு மணி நேரம், நமக்கு 5:00 முதல் 12:00 வரை. கைடில் அரை மணி அல்லது ஒரு மணி நேரக் கட்டம் இருந்தால் அது ஹைலைட்ஸ் அல்லது முன்னோட்டம். ஆனால் நீளத்தை மட்டும் நம்பக் கூடாது. அதே நாள் ஆட்டத்தை அன்றே மாலையில் முழுதாக மறுஒளிபரப்புவது உண்டு, அப்போது அதே பெயர், அதே ஏழு மணி நேரம். சில சேனல்கள் மறுஒளிபரப்பில் LIVE என்ற சொல்லை எடுக்க மறந்துவிடும். மூன்றும் சேர்ந்து பொருந்தினால்தான் அது நேரலை.

சேனலும் பேக்கும்

ஒரே ஆட்டம் இரண்டு மூன்று எண்களில் வரும். எஸ்டி ஒரு எண், ஹெச்டி வேறொரு எண், தமிழ் வர்ணனை இன்னொரு எண். கைடு இவை அனைத்தையும் காட்டும், நீங்கள் பணம் கட்டாத சேனலையும்கூட. பல பாக்ஸ்கள் அந்தச் சேனலுக்கும் மறுப்பில்லாமல் ரிமைண்டரை ஏற்றுக்கொள்ளும். 26 ஆம் தேதி காலை 5 மணிக்குத்தான், இந்தச் சேனல் உங்கள் பேக்கில் இல்லை என்ற அறிவிப்பு திரையில் நிற்கும். அந்த நேரத்தில் சேனலைச் சேர்க்க முயல்வது வீண் பதற்றம்.

ஆகவே ரிமைண்டர் வைக்கும் முன் கைடிலிருந்து வெளியே வந்து, அந்தச் சேனல் எண்ணை நேரடியாக அழுத்தி, படம் வருகிறதா என்று பாருங்கள். எஸ்டி பேக் வைத்திருப்பவர்கள் ஹெச்டி கட்டத்தின் மேல் ரிமைண்டர் வைத்துவிடுவதே புதியவர்களிடம் அதிகம் நடக்கும் தவறு. கைடில் இரண்டும் அடுத்தடுத்தோ ஒரே சின்னத்தோடோ இருப்பதால் கண் ஏமாறும். பேக்கின் காலாவதித் தேதியையும் அப்போதே பார்த்துவிடுங்கள். மாதக் கடைசியில் வரும் ஆட்டம், நடுவில் ரீசார்ஜ் முடிந்தால் மூன்றாம் நாள் பாதியில் நின்றுவிடும்.

ரிமைண்டர் வைப்பது

1. கைடில் 26 ஆம் தேதி 5:00 AM பதிவுக்குப் போய் OK அழுத்துங்கள். அந்த நிகழ்ச்சி இனிமேல் வரவிருப்பதால் சேனல் மாறாது, ஒரு சிறு பெட்டி திறக்கும். ஓடிக்கொண்டிருக்கும் நிகழ்ச்சியின் மேல் OK அழுத்தினால் மட்டுமே சேனல் மாறும்.
2. அதில் Reminder அல்லது Set Reminder என்பதைத் தேர்ந்தெடுங்கள். ரெக்கார்டிங் வசதியுள்ள பாக்ஸில் Record என்பதும் பக்கத்திலேயே இருக்கும், இரண்டும் வேறு வேறு.
3. இந்த ஒன்று மட்டுமா, தொடர் முழுவதுமா என்று கேட்டால், இந்த ஒன்று மட்டும் என்றே சொல்லுங்கள். ஏன் என்பது கீழே.
4. கட்டத்தின் ஓரத்தில் மணி அல்லது கடிகாரச் சின்னம் வந்திருக்கிறதா என்று பாருங்கள். சின்னம் இல்லையென்றால் ரிமைண்டர் இல்லை. அதே நேரத்தில் வேறொரு ரிமைண்டர் ஏற்கெனவே இருந்தால் சில பாக்ஸ்கள் மோதல் என்று சொல்லும், சில எதுவும் சொல்லாமல் விட்டுவிடும்.
5. மெனுவில் Reminders அல்லது Planner போன்ற பெயரில் இருக்கும் பட்டியலைத் திறந்து, தேதி, நேரம், சேனல் எண் மூன்றையும் வாய்விட்டுப் படித்துச் சரிபாருங்கள்.

அமைப்புகளில் இரண்டு தேர்வுகள் இருக்கலாம். எத்தனை நிமிடம் முன்பு அறிவிப்பு வர வேண்டும் என்பது ஒன்று. நேரம் வந்ததும் கேட்டுவிட்டு மாற வேண்டுமா, தானாகவே சேனலை மாற்ற வேண்டுமா என்பது இன்னொன்று. அதிகாலை ஆட்டத்துக்குத் தானாக மாறுவது வசதி. மாலை 7:30 மணி ஆட்டங்களுக்கு அப்படி வைக்காதீர்கள். வீட்டில் மற்றவர்கள் சீரியல் பார்த்துக்கொண்டிருக்கும்போது திரை திடீரென்று மைதானத்துக்குத் தாவும், கோபத்தில் யாரோ ரிமைண்டர் எல்லாவற்றையும் அழித்துவிடுவார்கள். அதற்குக் கேட்டுவிட்டு மாறும் முறையே பொருத்தம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: அந்த அறிவிப்புப் பெட்டி சில நொடிகள்தான் நிற்கும், யாரும் OK அழுத்தாவிட்டால் தானே மறைந்துவிடும்.

ஆட்டத்தின் கட்டத்துக்கு முன்னால், 4:30 வாக்கில், ஆட்டத்துக்கு முந்தைய பேச்சு நிகழ்ச்சி தனிக் கட்டமாக இருந்தால், அதன் மேலும் ஒரு ரிமைண்டர் வையுங்கள். டாஸ் அரை மணி முன்பே நடக்கும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் மழை. முதல் நாள் மழையால் நேரம் வீணானால், ஈடுகட்ட மறுநாள் ஆட்டத்தை அரை மணி முன்கூட்டியே தொடங்குவது வழக்கம். அதாவது நமக்கு 4:30 மணிக்கே முதல் பந்து. கைடு உடனே திருத்தப்படும் என்று எதிர்பார்க்க முடியாது, கட்டம் பழையபடி 5:00 என்றே நிற்கலாம். முந்தைய நிகழ்ச்சிக்கு வைத்த ரிமைண்டர் அப்போது காப்பாற்றும். மெல்போர்னில் மழை என்று தெரிந்த அன்று இரவு, அடுத்த நாள் தொடக்க நேரத்தைச் செய்தியில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

வாட்ச்லிஸ்ட் எதற்கு, எதற்கு இல்லை

ஆண்ட்ராய்டு வகைப் பாக்ஸ்களிலும் போன் ஆப்களிலும் Watchlist என்று ஒன்று இருக்கும். பெரும்பாலும் கூட்டல் குறியை அழுத்தினால் நிகழ்ச்சி அதில் சேரும். பலர் இதையே ரிமைண்டர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். வாட்ச்லிஸ்ட் என்பது ஒதுக்கி வைத்த பட்டியல் மட்டுமே. அதில் சேர்த்ததனாலேயே காலை 5 மணிக்கு உங்களை யாரும் எழுப்பப் போவதில்லை. எழுப்புவதற்கு மணிச் சின்னமோ Remind me என்பதோ தனியாக இருக்கும், அதையும் அழுத்த வேண்டும்.

நேரலைக்கு வாட்ச்லிஸ்ட் பயன்படும் இடம் வேறு. கைடு ஏழு நாள் மட்டுமே காட்டும், ஆப்களில் வரவிருக்கும் தொடர்கள் வாரக்கணக்கில் முன்பே பட்டியலாகிவிடும். டிசம்பர் முதல் வாரத்திலேயே தொடரை வாட்ச்லிஸ்ட்டில் சேர்த்து வையுங்கள். பிறகு வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்களேன், அந்தப் பட்டியலைத் திறந்து வரும் ஏழு நாளில் எவை வருகின்றன என்று பார்த்து, அவற்றுக்கு மட்டும் பாக்ஸில் ரிமைண்டர் வையுங்கள். தொலைவில் இருப்பதை வாட்ச்லிஸ்ட் நினைவில் வைத்திருக்கும், நெருங்கி வந்ததை ரிமைண்டர் கூப்பிடும்.

பட்டியல் நீளமாகிவிட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். பார்க்க நினைத்த படங்களையும் தொடர்களையும் அதே வாட்ச்லிஸ்ட்டில் நாற்பது ஐம்பது என்று சேர்த்திருந்தால், நேரலை அடியில் புதைந்துவிடும். ஒரே கணக்கில் பல ப்ரொஃபைல் வைக்க முடிகிற ஆப்பில், நேரலைக்கென்று ஒரு ப்ரொஃபைல் தனியாக வைத்துக்கொள்ளலாம். வாட்ச்லிஸ்ட் பொதுவாக ப்ரொஃபைலுக்குத் தனித்தனி. போனில் ஒரு ப்ரொஃபைலில் சேர்த்துவிட்டு டிவியில் வேறொன்றைத் திறந்தால், சேர்த்தது காணோமே என்று தோன்றும். கணக்கும் ப்ரொஃபைலும் இரண்டு பக்கமும் ஒன்றுதானா என்று முதலில் பாருங்கள்.

பழைய வகை பாக்ஸில் வாட்ச்லிஸ்ட் இருக்காது. அதற்குப் பதில் Fav பட்டன் இருக்கும். ஆட்டம் வரும் இரண்டு மூன்று விளையாட்டுச் சேனல்களை அதில் சேர்த்தால், கைடையும் பிடித்த சேனல்கள் மட்டும் தெரியும்படி சுருக்கிக்கொள்ளலாம். நூற்றுக்கணக்கான வரிசைகளுக்குப் பதில் மூன்றே வரிசை, வாராந்திர வேலை இரண்டு நிமிடத்தில் முடியும்.

முந்தைய நாள் இரவு

25 ஆம் தேதி இரவு படுக்கும் முன் செய்ய வேண்டியதே இந்த முழு வேலையிலும் முக்கியமானது. ரிமைண்டர் பட்டியலைத் திறந்து, அங்கிருந்து கைடுக்குப் போய், மணிச் சின்னம் இன்னும் 5:00 AM கட்டத்தின் மேலேயே இருக்கிறதா என்று பாருங்கள். பாக்ஸ்கள் ரிமைண்டரை இரண்டு விதமாக நினைவில் வைத்திருக்கின்றன. சில, ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் உள்ள அடையாள எண்ணை வைத்துக்கொள்ளும். சேனல் அந்தப் பதிவை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டால் எண் மாறிவிடும், ரிமைண்டர் அநாதையாகிச் சத்தமில்லாமல் மறையும். சில, சேனலையும் நேரத்தையும் மட்டும் வைத்துக்கொள்ளும். அவற்றில் ரிமைண்டர் இருக்கும், ஆனால் ஆட்டம் வேறு சேனலுக்கு மாறியிருந்தாலும் பழைய சேனலிலேயே கூப்பிடும். உங்களுடையது எந்த வகை என்று ஆராய வேண்டியதில்லை. சின்னம் இடம் மாறியிருந்தாலோ இல்லாமல் போயிருந்தாலோ பழையதை அழித்துவிட்டு மறுபடி வையுங்கள்.

அடுத்து, மின்சாரம். படுக்கும் முன் டிவி, பாக்ஸ் எல்லாவற்றையும் சுவரில் உள்ள சுவிட்சிலேயே அணைத்துவிடுவது பல வீடுகளில் வழக்கம். நல்ல வழக்கம்தான், ஆனால் அன்று இரவு மட்டும் பாக்ஸை விட்டுவைக்க வேண்டும். கரண்ட் இல்லாத பாக்ஸில் 4:58 க்கு வர வேண்டிய அறிவிப்பு வராது, 5:10 க்கு சுவிட்சைப் போட்டால் பெரும்பாலான பாக்ஸ்கள் தவறியதைச் சொல்லவும் செய்யாது. போட்டதும் பாக்ஸ் எழுந்து வரவும் கைடு நிரம்பவும் வேறு சில நிமிடம் போகும்.

ரிமோட்டில் அணைத்து, சிவப்பு விளக்கு எரியும் ஸ்டாண்ட்பை நிலையில் விட்டால் போதுமா? பாக்ஸைப் பொறுத்தது. ரெக்கார்டிங் வசதியுள்ளவை குறித்த நேரத்தில் தானே விழித்துக்கொள்ளும். சாதாரண பாக்ஸ்கள் பல, ரிமைண்டருக்காக விழிப்பதில்லை. விழித்தாலும் டிவி தனியாக அணைந்திருந்தால் அறிவிப்பு யாருக்கும் தெரியாது. டிவி வேறொரு ஹெச்டிஎம்ஐ இணைப்பில், உதாரணமாக ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கில் நின்றாலும் அதே கதைதான், பாக்ஸின் அறிவிப்பு பாக்ஸின் படத்தின் மேல் மட்டுமே வரும். பகலிலேயே ஒரு சோதனை செய்துவிடுங்கள். அடுத்த அரை மணியில் தொடங்கும் ஏதோ ஒரு நிகழ்ச்சிக்கு ரிமைண்டர் வைத்து, பாக்ஸை ஸ்டாண்ட்பையில் போட்டு, என்ன நடக்கிறது என்று பாருங்கள். உங்கள் பாக்ஸின் குணம் தெரிந்துவிடும்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகும். டிவி ரிமைண்டர் விழித்திருப்பவருக்கு உதவும், தூங்குபவரை எழுப்பாது. எழுப்ப போன் வேண்டும். ஆப்பின் அறிவிப்பை நம்பினாலும் இரண்டு இடத்தில் சிக்கும். ஆண்ட்ராய்டு 13 முதல் ஒவ்வொரு ஆப்பும் அறிவிப்பு அனுப்பத் தனியாக அனுமதி கேட்கும். முதல்முறை கேட்டபோது வேண்டாம் என்று சொல்லியிருந்தால், Remind me எத்தனை முறை அழுத்தினாலும் எதுவும் வராது. போனின் அமைப்புகளில் அந்த ஆப்பின் Notifications பகுதியைத் திறந்து அனுமதியுங்கள். இரண்டாவது, இரவில் தானாக இயங்கும் Do Not Disturb. காலை 6 மணி வரை அது இருந்தால் 5 மணி அறிவிப்பு சத்தமின்றி வந்து கிடக்கும். கடிகார ஆப்பின் அலாரத்தை அது வழக்கமாகத் தடுக்காது. ஆகவே அதிகாலை நேரலைக்கு 4:40 க்கு ஒரு சாதாரண அலாரம், 4:30 க்கும் 5:00 க்கும் பாக்ஸில் ரிமைண்டர் என்று வைப்பதே உறுதியான ஏற்பாடு. மழையால் ஆட்டம் முன்கூட்டித் தொடங்கும் நாளில் அலாரத்தையும் 4:15 க்கு நகர்த்துங்கள்.

ரெக்கார்டிங் வைப்பவர்கள் முடிவு நேரத்தையும் நீட்ட வேண்டும். ஓவர்கள் முடியாவிட்டால் ஆட்டம் 12:00 ஐத் தாண்டி அரை மணி வரை போகலாம். பல பாக்ஸ்கள் கட்டத்தின் முடிவிலேயே ரெக்கார்டிங்கை நிறுத்திவிடும், நாளின் கடைசி விக்கெட் அதற்குள் வராமலே போகலாம். அமைப்பில் முடிவுக்குப் பின் கூடுதல் நிமிடங்கள் சேர்க்கும் வசதி இருந்தால் அதில் கிடைக்கும் அதிகபட்சத்தைத் தேர்ந்தெடுங்கள்.

ஐந்து நாளுக்கும் ஒரே நேரத்தில் வைக்கலாமா?

டெஸ்டின் ஒவ்வொரு நாளும் கைடில் தனிப் பதிவு. தொடர் முழுவதும் என்று தேர்ந்தெடுத்தால் ஐந்தையும் ஒரே அழுத்தில் பிடித்துவிடலாம் என்றுதான் தோன்றும். ஆனால் பாக்ஸ் பெயரைப் பார்த்தே தொடரை அடையாளம் காணும்போது, அதே பெயரில் வரும் மாலை மறுஒளிபரப்பு, இரவு ஹைலைட்ஸ் எல்லாவற்றுக்கும் மணி அடிக்கும். நாளுக்கு நான்கு முறை அறிவிப்பு வந்தால் பார்க்காமலே தள்ளிவிடும் பழக்கம் வந்துவிடும், உண்மையான நேரலை அறிவிப்பும் அதில் போய்விடும். முதல் இரண்டு நாளுக்குத் தனித்தனியாக வைத்துவிட்டு, மீதியை ஒவ்வொரு நாள் ஆட்டம் முடிந்ததும் அடுத்த நாளுக்கென்று வைப்பதே சரியாக வரும்.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஐந்து நாள் என்று கைடு சொல்வதால் ஐந்து நாள் நடக்கும் என்று இல்லை. 2021 பாக்ஸிங் டே டெஸ்ட் மூன்றாம் நாள் காலையிலேயே முடிந்தது, இங்கிலாந்து இரண்டாம் இன்னிங்ஸில் 68 ரன்னுக்குச் சுருண்டது. 2025 இல் இரண்டே நாளில் இங்கிலாந்து வென்றுவிட்டது. அப்படி முடிந்தால் மீதி நாள்களின் 5:00 AM கட்டங்களில் பழைய ஆட்டங்களோ ஹைலைட்ஸோ வந்து உட்காரும். பதிவு நீக்கப்பட்டதும் ரிமைண்டரும் போய்விடுகிற பாக்ஸாக இருந்தால் தொந்தரவில்லை. சேனலையும் நேரத்தையும் பிடித்து வைத்திருக்கும் பாக்ஸாக இருந்தால், முடிந்துபோன ஆட்டத்துக்காக 28, 29, 30 தேதிகளில் அதிகாலை டிவி தானாகச் சேனல் மாறிக்கொண்டிருக்கும். ஆட்டம் முடிந்த அன்றே ரிமைண்டர் பட்டியலைத் திறந்து மீதியை நீக்கிவிடுங்கள், போன் அலாரத்தையும் சேர்த்து.